மூணு சுழி

தாரணி ரெட்டைக்கோடு நோட்டைப் பின் அடித்திருக்கும் நடுப்பக்கத்தில் விரித்துத் தாளை உருவினாள். நடுத்தாளை எடுத்தால்தான் நோட்டு பிரியாது. வேறு எங்கே கிழித்தாலும் அதன் ஜோடித் தாள் மறுநாள் தனியாக வந்துவிடும்.

நாளைக்கு அம்மாவுக்குப் பிறந்தநாள். அம்மா பனியன் கம்பெனியில் ஓவர்லாக் அடிக்கிறாள். ஒன்றரை ஷிப்ட் முடிந்து வீடு சேர ஒன்பதரை ஆகும். அதற்குள் எழுதி முடித்து, அம்மா வந்ததும் அவள் டிபன் பைக்குள் போட்டுவிட வேண்டும்.

முதல் எழுத்தே 'அ'. சுழியில் தொடங்கி, வளைத்து, நேர்கோட்டைக் கீழே இழுத்தாள். அடுத்தது 'ன்'. பென்சில் நின்றது. ரெண்டு சுழியா, மூணு சுழியா? வாயால் சொல்லிப் பார்த்தாள். 'அன்பு' என்று சொல்லும்போது நாக்கு எங்கே தொடுகிறது என்று கவனிக்கிற வயதில்லை, ஏழு. கொஞ்சம் யோசித்து மூணு சுழி போட்டாள். அம்மா பெரியவள். அவளுக்குப் போய் ரெண்டு சுழி போடுவதா?

அதே கணக்கில் எல்லா இடத்திலும் பெரிய 'ற' போட்டாள். 'பிறந்த' சரியாக வந்தது. 'ஒண்ணரை' கெட்டது. ல, ள, ழ மூன்றில் அடியில் வால் சுருண்டிருக்கும் 'ழ'தான் அவளுக்கு அழகு, ஆகவே எங்கும் அதுவே. 'வாழ்' என்பதில் மட்டும் அது தன் சொந்த வீட்டில் உட்கார்ந்திருந்தது.

'போகாதே' வந்ததும் திண்டாட்டம். காதில் 'ப' முதலில் கேட்டதால் 'ப'வை முதலில் எழுதிவிட்டாள். கொம்பு அதற்கு முன்னால் வரவேண்டும். இடமில்லை. இருந்த இடுக்கில் சின்னக் கொம்பு ஒன்றைச் செருகினாள். இரட்டைச் சுழிக் கொம்புக்கு அங்கே ஏது இடம்? எச்சில் தொட்டு ரப்பரால் தேய்த்தாள். தாள் கறுத்து, நார் எழும்பியது. நனைந்த தாளில் கரி ஈஷிக்கொள்ளும், அழியாது. விட்டுவிட்டாள்.

புள்ளிகளை மட்டும் கடைசிக்கு வைத்திருந்தாள். பொட்டு வைப்பதுபோல ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே வந்தாள். ஒன்று விட்டுப்போனது தெரியவில்லை.

காலையில் அம்மா டிபனை எடுத்துவைக்கப் பையைத் திறந்தாள்.

*அண்புழ்ழ அமமாவுக்கு*
*இணிய பிறந்த நாழ் வாழ்த்துகழ்*
*இண்ணிக்கு ஒண்ணறை சிப்டு பொகாதே*
*தாறணி*

அண்ணன் கவின் ஐந்தாம் வகுப்பு. தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துச் சிரித்தான். "அம்மா, அத்தனையும் தப்பு. அவ பேரே தப்பு. வாழ்த்துக்கு நடுவுல 'க்' வேற இல்ல." அந்த 'க்' விஷயத்தில் தாரணி பக்கம்தான் நியாயம். 'வாழ்த்துகள்' என்பதே திருத்தமான வடிவம், பெரியவர்களே தடுமாறுகிற இடம் அது.

"இருடா, படிக்கிறேன்" என்றாள் அம்மா. எழுதியிருக்கிறபடியே, ஒவ்வோர் எழுத்தாக, சத்தமாகப் படித்தாள். "அண்... புழ்ழ... அ-ம-மா..."

கதவோரம் நின்ற தாரணி நிமிர்ந்தாள். "அப்படி இல்லம்மா. அம்மா."

"நீ எழுதுனது அப்படித்தானே கண்ணு இருக்குது? அ, ம, மா."

தாரணி தாளை வாங்கி விரலை ஓட்டினாள். முதல் 'ம' மொட்டையாக நின்றது. பென்சில் ஸ்கூல் பைக்குள், பை அம்மாவைப் பெற்ற அம்மிச்சியின் கட்டிலுக்கடியில். ஓடிப்போய் எடுக்கப் பொறுமையில்லை. கண்ணாடி ஓரத்தில் அம்மா ஒட்டிவைத்திருந்த பழைய ஸ்டிக்கர் பொட்டுகளில் கடுகளவு ஒன்றை நகத்தால் கிளப்பி, 'ம' தலையில் வைத்து அமுக்கினாள்.

"இப்பப் படி."

"அம்மாவுக்கு" என்றாள் அம்மா.

கவின் பென்சிலோடு வந்தான். "மிச்சத்தையும் திருத்தட்டா?"

"வேண்டாஞ் சாமி. எனக்குப் புரியுது."

மூன்றாம் வரியில் அவள் விரல் நின்றது. கறுத்த தேய்ப்பைத் தடவினாள். ஆர்டர் அவசரம், இந்த வாரம் எல்லாரும் நிற்க வேண்டும் என்று நேற்றுத்தான் சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். தாளை நாலாக மடித்து மணிபர்சுக்குள் வைத்தாள்.

"அம்மா" என்று அடுப்படிப் பக்கம் குரல் கொடுத்தாள். "ராத்திரிக்கு எனக்கும் சேர்த்துச் சுடுசோறு ஆக்கு. அஞ்சரைக்கே கிளம்பி வந்தர்றேன்."