வழி மறக்கவில்லை, வருகிறேன்
(தவக்கால ஒப்புரவுப் பாடல்)

பாடகர் குழுவுக்கு: இந்தப் பாட்டு 2025 மார்ச் 28, வெள்ளி மாலை, சிலுவைப்பாதை முடிந்ததும் நடக்கும் ஒப்புரவு வழிபாட்டுக்கு. திருத்தந்தை பிரான்சிஸ் 2014இல் தொடங்கிவைத்த ‘ஆண்டவருக்காக 24 மணி நேரம்’ அன்றுதான் தொடங்குகிறது. அடுத்து வருவது தவக்கால நான்காம் ஞாயிறு; வாசகம் லூக்கா 15, காணாமற்போன மகன்.

வரிகளில் ‘பாவி’, ‘புழு’, ‘தூசி’ எதுவும் இல்லையே என்று சிலர் கேட்டீர்கள். தெரிந்தேதான் விட்டேன். நம்மை நாமே திட்டிக்கொள்வது சுலபம். ‘கூலி பாக்கி வைத்திருக்கிறேன்’ என்று வாய்விட்டுச் சொல்வதுதான் கஷ்டம். அந்த மகனையே பாருங்கள். “உம் மகன் எனப்படத் தகுதியற்றவன், கூலியாளாக வைத்துக்கொள்ளும்” என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வருகிறான். தகுதியற்றவன் என்பது வரை அப்பா கேட்டுக்கொள்கிறார். கூலியாள் என்ற பேச்சை மட்டும் அவன் வாயில் வரவே விடவில்லை; அதற்குள் அங்கி கொண்டுவா, மோதிரம் கொண்டுவா என்று ஆரம்பித்துவிடுகிறார். நாலாம் சரணம் அங்கிருந்துதான் வந்தது.

ஆபேரி ராகம், ஆறெட்டு நடை. தவக்காலத்தில் கருவி, பாட்டைத் தாங்குவதற்கு மட்டுமே. ஆர்மோனியம் போதும், தபேலா வேண்டாம். நான்காம் ஞாயிறன்று மட்டும் விலக்கு உண்டு, அன்று வாசித்துக்கொள்ளலாம். இழுத்து அழுகிற மாதிரிப் பாடாதீர்கள். இது நடந்து வருகிறவனின் பாட்டு.

பல்லவி (எல்லாரும்)

வருகிறேன் தந்தையே, வருகிறேன் – நான்
வழி மறக்கவில்லை, வருகிறேன்
அருகிலே வந்துநான் சொல்கிறேன் – நீர்
அறிந்ததே ஆயினும் சொல்கிறேன்

சரணம் 1 (ஆண்கள்)

அண்ணனிடம் பேசி ஆண்டுகள் ஆயின
அரைசென்ட் நிலத்துக்கு வழக்கு
கண்ணெதிரே அவன் பிள்ளைகள் வளர்ந்தார் – ஒரு
பேர்கூட மறந்தது எனக்கு
எண்ணிப் பார்க்கிறேன் வென்றதும் தோற்றதும் – இனி
எதற்கிந்தப் பழைய கணக்கு
முன்னே சென்றுநான் கூப்பிட வேண்டும் – அந்த
முதல்வார்த்தை தாரும் எனக்கு

சரணம் 2 (பெண்கள்)

வேலைக்கு வந்தவர் கூலியைக் கேட்க
வெள்ளிதோறும் சாக்கு தேடினேன்
ஏலாது என்றொரு பொய்யையும் சொல்லி – என்
ஏட்டையும் பையையும் மூடினேன்
சாலையில் கண்டதும் தலையைத் திருப்பி – மறு
சந்தின் வழியாக ஓடினேன்
நாலு மடங்கென்று சக்கேயு சொன்னதும்
நானும்என் பெட்டியை நாடினேன்

(இங்கே பல்லவி வேண்டாம். ஆர்மோனியத்தில் சுருதி மட்டும் நிற்கட்டும். அவரவர் தம் பாக்கியை நினைத்துப் பார்க்க ஒரு நிமிடம். யாரும் இருமி, புத்தகம் புரட்டி அதைக் கெடுக்க வேண்டாம், சரியா?)

சரணம் 3 (ஒருவர் தனியாக)

கரிநெருப் பருகில் குளிர்காய்ந்த பேதுரு
‘அறியேன் அவரை’ என்றார்
கரையிலும் ஒருநாள் கரிநெருப் பெரிந்தது
கையில் அப்பம்நீர் தந்தீர்
உரிமையாய் மும்முறை ‘அன்புண்டோ’ என்றீர்
ஒருமுறையும் பழி சொல்லீர்
சரிந்தவர் கையிலே ஆடுகள் கொடுத்தீர் – என்
சரிவிலும் கைகொடுத் தருள்வீர்

(தனியாகப் பாடுகிறவருக்கு: யோவான் நற்செய்தியில் கரிநெருப்பு இரண்டே இடத்தில் வருகிறது. ஒன்று பேதுரு மறுதலித்த முற்றம், இன்னொன்று உயிர்த்த இயேசு மீன் சுட்டு வைத்திருந்த கரை. இரண்டு ‘கரிநெருப்’பும் ஒரே சுரத்தில் விழட்டும், இரண்டாவது கொஞ்சம் மெதுவாக.)

சரணம் 4 (எல்லாரும்)

தூரத்தில் வரும்போதே கண்டுகொண் டோடிய – தந்தை
துயரம் எனக்கினித் தெரியும்
நேரத்தைக் கேட்காமல் கட்டித் தழுவிய – அந்த
நெஞ்சின் துடிப்பும் புரியும்
பாரத்தைச் சொல்லி முடிக்குமுன் மோதிரம் – என்
விரலிலே வந்து ஒளிரும்
ஓரத்தில் நிற்கின்ற அண்ணனும் வரட்டும் – அவன்
உட்கார்ந்தால் விருந்தும் ருசிக்கும்

கடைசிப் பல்லவியை ஒரே முறை பாடி நிறுத்துங்கள். அதற்குள் குருக்கள் பாவசங்கீர்த்தனம் கேட்க அவரவர் இடத்துக்குப் போயிருப்பார்கள். மக்கள் வரிசை நீளமாக இருந்தாலும் ஆர்மோனியத்தைத் தனியாக வாசிக்க வேண்டாம், அமைதியாகவே இருக்கட்டும். அப்போது வாய்ப்பாட்டும் வேண்டாம், உள்ளே பேசுகிறவர்களுக்குத் தொந்தரவாக இருக்கும்.