சனிக்கிழமை உரைக்கான கேள்விகள்: நவீனத் தமிழ்ச் சிறுகதையும் சமூக மாற்றமும்

பேராசிரியர் அம்மா அவர்களுக்கு வணக்கம்.

சனிக்கிழமை மாலை பாளையங்கோட்டைக் கூட்டத்துக்காக எங்கள் வாசகர் வட்டம் திரட்டிய கேள்விகளை அனுப்புகிறோம். "இந்தக் கதை சமூகத்தை மாற்றியது", "காலத்தைப் பிரதிபலித்தது" என்று மேடைகளில் நிறையக் கேட்டுவிட்டோம். எந்த வரியில், யார் வாயால், எந்தச் செயலால் என்பதை மட்டும் யாரும் காட்டுவதில்லை. ஆசிரியரின் வாழ்க்கையையும் இயக்க வரலாற்றையும் சற்றுத் தள்ளிவைத்து, கதையைக் கையில் பிடித்தபடியே நீங்கள் பேச வேண்டும் என்பது எங்கள் ஆசை. எல்லோரும் கதைகளைப் படித்துவிட்டு, பிரதியோடுதான் வருகிறோம்.

1. புதுமைப்பித்தனின் 'பொன்னகரம்' கதையில் அம்மாளு இருட்டுச் சந்தில் ஒருவனோடு மறைந்து, முக்கால் ரூபாய் "சம்பாதித்து" விட்டதாகக் கதைசொல்லி சொல்கிறார். புருஷனுக்குப் பால் கஞ்சி வார்க்கத்தான் என்று காரணமும் அவரே தருகிறார். கடைசியில் "என்னமோ கற்பு, கற்பு என்று கதைக்கிறீர்களே! இதுதான் ஐயா, பொன்னகரம்!" என்று நம்மை நோக்கித் திரும்புகிறார். அந்தச் சந்தில் அம்மாளு என்ன நினைத்தாள் என்பதற்குக் கதையில் ஏதாவது சான்று உண்டா? இல்லையென்றால், இது அம்மாளுவின் கதையா, வாசகர்மேல் வைக்கப்பட்ட குற்றச்சாட்டா? இரண்டும் ஒன்றுதான் என்பீர்களானால் அதற்கும் வரி காட்டுங்கள்.

2. புதுமைப்பித்தனின் 'சாபவிமோசன'த்தில் அகலிகை மீண்டும் கல்லாகிறாள். இராமன் தீக்குளிக்கச் சொன்னதைச் சீதை சொல்லக் கேட்ட பிறகு நடப்பது இது. அது எதிர்ப்பா, தோல்வியா? சீதை அதைச் சொல்லும் தொனியை வைத்து விளக்குங்கள்.

3. எங்களுக்குள் நீண்ட வாக்குவாதத்தைக் கிளப்பியது ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்'. மழையில் காரில் ஏறிச் சீரழிந்து திரும்பும் மகளின் தலையில் தாய் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். 1966-இல் இது பெரிய துணிவு என்று எல்லோரும் சொல்கிறோம். ஆனால் அந்தத் தாய் முதலில் அலறுகிறாள், அடிக்கிறாள். அக்கம்பக்கத்தார் வந்து கேட்டதும் விஷயத்தை மறைக்கிறாள். அதன் பிறகுதான் தண்ணீர். நான்கு சுவருக்குள், பொய்யின் மறைவில் கிடைக்கும் மன்னிப்பைச் சமூக மாற்றம் என்று சொல்லலாமா? மகளுக்கு எதற்காக மன்னிப்பு தேவைப்பட்டது என்ற கேள்வியைக் கதை எங்காவது எழுப்புகிறதா? இதே நிகழ்வு ஊருக்குத் தெரிந்துபோனால் என்ன ஆகும் என்று அவரே 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலில் எழுதினார். நாவலைச் சிறுகதையின் விமர்சனமாகப் படிப்பதற்குச் சிறுகதைக்குள்ளேயே விதை இருக்கிறதா?

4. கி. ராஜநாராயணனின் 'கதவு'. தீர்வை பாக்கிக்காகக் கதவைக் கழற்றிக்கொண்டு போகிறார்கள். அரசைப் பற்றி ஒரு கோபச் சொல்கூட இல்லாமல், குழந்தைகள் அதில் ஏறி விளையாடுவதையும் தீப்பெட்டிப் படம் ஒட்டுவதையும் சொல்லி, கோபத்தை எங்களிடம் விட்டுவிடுகிறார் ஆசிரியர். இந்த உத்திக்கு நேர் எதிர் அண்ணாவின் 'செவ்வாழை': குலை பண்ணையார் வீட்டுக்குப் போகிறது, பின்பு வாழை பாடைக்குப் பயன்படுகிறது. எது அதிகம் உறைக்கிறது, ஏன்? தயவுசெய்து "இரண்டும் அவரவர் வழியில்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

5. அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை'யில், சமையலறைக்கு வெளியே இருக்கும் இடத்தைப் பெரிதாக்கலாம் என்று மருமகள் யோசனை சொல்கிறாள். மறுத்து ஒரு வாதமும் வருவதில்லை. அங்கே துணி காயப்போடும் நைலான் கொடிகள் கட்டப்படுகின்றன, அவ்வளவுதான். அதிகாரம் இப்படிப் பேசாமல் பேசும் வேறு இடங்களையும் கதையிலிருந்தே காட்ட முடியுமா? அந்த வீட்டுப் பெண்களே சமையலறையைத் தங்கள் ராஜ்யமாகக் காத்துக்கொள்கிறார்களே, அந்த இடங்களை எப்படிப் படிக்கிறீர்கள்?

6. இமையத்தின் 'பெத்தவன்' 2012-இல் வந்தது. அதே ஆண்டு நவம்பரில், சாதி கடந்த ஒரு காதல் மணத்தை ஒட்டி, தர்மபுரியில் நத்தம் காலனி தாக்கப்பட்டதால், கதையை முன்னறிவிப்பு என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். எங்கள் கேள்வி பழனியைப் பற்றியது. தலித் இளைஞனைக் காதலித்த மகளைக் கொல்லச் சொன்ன ஊருக்குத் தலையாட்டிவிட்டு வந்து, இரவில் அவளை அனுப்பிவைத்து, தான் விஷம் குடிக்கிறான். அவன் சாதியை விட்டானா, மகளை மட்டும் காப்பாற்றினானா? எந்தப் பேச்சில் அல்லது செயலில் இது முடிவாகிறது?

7. கடைசியாக: நீங்கள் மதிக்கும் ஒரு கதையில் மாற்றம் என்று எல்லோரும் சொல்வது உண்மையில் இல்லை என்று உங்களுக்குத் தோன்றியிருந்தால், அந்தக் கதையையும் அந்தப் பத்தியையும் வாசித்துக் காட்டுங்கள்.

எல்லாவற்றுக்கும் நேரம் போதாவிட்டால் மூன்றாவதையும் ஆறாவதையும் விட்டுவிட வேண்டாம்.