பெண்ணா, புலியா? இளவரசி காட்டிய கதவு

வினா: ஃபிராங்க் ஸ்டாக்டன் 1882இல் வெளியிட்ட ‘பெண்ணா, புலியா?’ சிறுகதையில், திறந்த கதவிலிருந்து வந்தது எது? ஒரு பக்கம் நின்று, கதைச் சான்றுகளோடு வாதிடுக. (10 மதிப்பெண்கள்)

விடை:

வந்தது புலிதான். கதாசிரியர் பதில் சொல்லாமல் கேள்வியோடு நிறுத்திவிடுகிறார் என்பது உண்மை. ஆனால் அதற்கு முன்பு அவர் போட்டுவைத்த தடயங்கள் ஒரு பக்கமாகவே சாய்கின்றன.

இளவரசியைக் காதலித்ததற்காக இளைஞன் அரங்கில் இரண்டு கதவுகளுக்கு முன்னால் நிற்கிறான். ஒன்றை அவனே திறந்தாக வேண்டும். ஒரு கதவுக்குப் பின்னால் புலி. மற்றதில் அவன் அங்கேயே மணந்தாக வேண்டிய பெண். எதற்குப் பின்னால் எது என்ற ரகசியத்தைக் கண்டுபிடித்துவிட்ட இளவரசி, கையை அசைத்து வலப்பக்கக் கதவைக் காட்டுகிறாள். எதைத் திறந்தாலும் அவன் இளவரசிக்கு இல்லை. அவனைக் காப்பாற்றினால் பலன் போய்ச் சேருவதோ அவள் அடியோடு வெறுக்கும் அரண்மனைப் பெண்ணுக்கு. அந்தப் பெண்ணும் தன் காதலனும் பேசிக்கொண்டதை ஏற்கெனவே பார்த்தவள் அவள்.

இனி, அவள் மனத்தில் ஓடும் காட்சிகள். புலியின் கதவை அவன் திறப்பதாக நினைத்து முகத்தைப் பொத்திக்கொள்கிறாள். ஆனால் அதைவிட அதிகம் கண்டது மற்றக் கதவைத்தான் என்று கதை வெளிப்படையாகவே சொல்கிறது. அந்தப் பெண்ணைப் பார்த்ததும் அவன் முகம் மலர்வதையும், மணமணி ஒலிப்பதையும் கற்பனை செய்து பல்லைக் கடிக்கிறாள், தலைமுடியைப் பிய்த்துக்கொள்கிறாள். பயத்தைவிடப் பொறாமை அடிக்கடி வருகிறது. இதை ஆசிரியர் சும்மா எழுதியிருக்க மாட்டார்.

‘அவன் தயங்காமல் வலப்பக்கக் கதவுக்குப் போனானே, காதலியின் மனம் அவனுக்குத் தெரியாதா?’ என்று கேட்கலாம். கொஞ்சம் நிதானித்துப் படிக்க வேண்டிய இடம் இது. ரகசியத்தைக் கண்டுபிடிக்காமல் அவள் ஓயமாட்டாள் என்பதுதான் அவன் உறுதியாக நம்பியது. தெரிந்துகொண்ட பிறகு என்ன செய்வாள் என்பதைப் பற்றிக் கதையில் அவனுக்கு ஒரு வரி உத்தரவாதம்கூட இல்லை. அவன் நடையை வைத்து அவள் இரக்கத்தை அளக்க முடியாது.

எதிர்த்தரப்புக்குப் பலமான சான்று ஒன்று உண்டு. அவன் செத்து மறுமையில் தனக்காகக் காத்திருக்கட்டுமே என்று எண்ணிய மறுகணமே புலி, அலறல், ரத்தம் என்று அவள் நடுங்குகிறாள். கடைசியில் வரும் எண்ணம் இரக்கம்தான் என்பதால் அதுவே வென்றது என்பார்கள். சரி, ஆனால் முடிவு அந்தக் கணத்தில் எடுத்ததல்ல. பல நாள், பல இரவு வேதனைப்பட்டு எடுத்த முடிவு அது. கை மட்டும்தான் கணத்தில் அசைந்தது. ரத்தத்தை எண்ணி நடுங்கியதும் அந்த இரவுகளிலேயே நடந்து முடிந்துவிட்டது.

மேலும், உங்களை வைத்து யோசிக்காதீர்கள், பாதி காட்டுமிராண்டியான, ரத்தம் கொதிக்கும் அந்த இளவரசியை வைத்து யோசியுங்கள் என்று ஆசிரியரே வாசகரை எச்சரிக்கிறார். அந்தக் காட்டுமிராண்டிப் பாதி இல்லாதிருந்தால் அன்று அவள் அரங்குக்கே வந்திருக்க மாட்டாள் என்றும் சொல்கிறார். பெண்ணின் கதவைக் காட்டியிருப்பாள் என்பவர்கள் அவளிடத்தில் தங்களை வைத்துப் பார்க்கிறார்கள்.