காற்றுச் சுமைக் கணக்கீட்டுக் குறிப்பு: மொட்டை மாடி விளம்பரப் பலகை, 12 மீ × 6 மீ, வேளச்சேரி, சென்னை

திருத்தம் 1. முதல் பிரதியில் இருந்த k1, நிலப்பரப்பு வகை இரண்டும் மாற்றப்பட்டுள்ளன. அந்தப் பிரதியின் எண்களைப் பட்டறையில் பயன்படுத்தக் கூடாது.

1. அமைப்பு

தரைத்தளமும் மூன்று மாடிகளும் கொண்ட கடைக் கட்டடம். மொட்டை மாடித் தளம் தரையிலிருந்து 13.5 மீ உயரத்தில் இருக்கிறது. பலகையின் அடிவிளிம்பு தளத்துக்கு மேல் 1.8 மீ, மேல்விளிம்பு தரையிலிருந்து 21.3 மீ. நான்கு எஃகுச் சட்டகங்கள் 3 மீ இடைவெளியில் நிற்கின்றன. இரு முனைகளிலும் பலகை 1.5 மீ வெளியே நீள்கிறது. ஒவ்வொரு சட்டகத்துக்கும் முன்கால், பின்கால் என இரண்டு, அவற்றுக்கிடையே 3.0 மீ. கட்டடத்தின் தூண்களும் இரு திசைகளிலும் 3 மீ இடைவெளியில் இருப்பதால் எட்டுக் கால்களும் தூண்களின் தலைக்கு நேராக அமர்கின்றன. இந்த வடிவமைப்பு முழுவதும் அதை நம்பியே இருக்கிறது.

2. காற்று வேகமும் காரணிகளும்

ஐ.எஸ். 875 (பகுதி 3): 2015-இன்படி.

அடிப்படை வேகம் Vb = 50 மீ/வி. சென்னைக்கு உரிய மதிப்பு இது. திறந்த நிலத்தில் 10 மீ உயரத்தில் வீசும் 3 விநாடி வீச்சின் வேகம். மணிக்கு 180 கி.மீ.

k1 = 1.0 (50 ஆண்டு ஆயுள்). முதல் பிரதியில் பலகையைத் தற்காலிக அமைப்பாகக் கொண்டு 5 ஆண்டுக்குரிய 0.70 எடுக்கப்பட்டிருந்தது. வேகம் 30% குறைந்தால் அழுத்தம் வர்க்கத்தில் குறையும்: 0.70² = 0.49. அதாவது பாதிச் சுமை காகிதத்திலேயே காணாமல் போய்விடும். உரிமம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுவதால் பலகை தற்காலிகமானதாகிவிடாது. கீழே சாலையில் ஆட்கள் நடக்கிறார்கள்.

k2 = 1.08. வேளச்சேரி நெருக்கமான ஊர்ப்பகுதிதான். வகை 3 என்று எழுதத் தோன்றும். ஆனால் பலகையின் முகம் தெற்கே, பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தைப் பார்க்கிறது. அந்தப் பக்கம் காற்றைத் தடுக்க எதுவும் இல்லாததால் வகை 2 எடுத்துள்ளோம். அதில் 20 மீ-க்கு 1.07, 30 மீ-க்கு 1.12, 21.3 மீ-க்கு இடைமதிப்பு 1.077, முழுமையாக்கி 1.08. மேல்விளிம்பின் மதிப்பையே பலகை முழுவதற்கும் வைத்திருக்கிறோம். கூரை விளிம்பில் காற்று மேலெழும்பி வேகமெடுப்பதால் அடிப்பாகத்துக்குக் குறைத்துக்கொள்ள வேண்டாம் என்பது எங்கள் முடிவு.

k3 = 1.0 (சமவெளி). k4 = 1.0: கடற்கரையிலிருந்து 60 கி.மீ-க்குள் இருக்கும் புயல் பகுதிதான். ஆனால் புயலுக்குப் பின் இயங்கியே ஆகவேண்டிய மருத்துவமனை போன்ற அமைப்பும் அல்ல, தொழிற்சாலையும் அல்ல.

Kd = 1.0. சாதாரணமாகக் கிடைக்கும் 0.9 சலுகை புயல் பகுதியில் இல்லை. Ka, Kc இரண்டும் 1.0, தனித்து நிற்கும் ஒற்றைப் பலகைக்கு இவற்றில் குறைப்பு எடுக்கவில்லை.

```
Vz = 50 × 1.0 × 1.08 × 1.0 × 1.0 = 54.0 m/s
pz = 0.6 × 54.0² = 1750 N/m² = 1.75 kN/m²
pd = 1.0 × 1.0 × 1.0 × 1.75 = 1.75 kN/m²
```

3. பலகை மீதான விசை

அகலம்/உயரம் = 12/6 = 2. அடியில் உள்ள இடைவெளி 1.8 மீ, உயரத்தின் கால்பங்கான 1.5 மீ-ஐ விட அதிகம். எனவே Cf = 1.2.

```
F = 1.2 × 72 × 1.75 = 151.2 kN
```

ஏறக்குறைய 15.4 டன் கிடைமட்டத் தள்ளல். இதை நான்கால் வகுத்துச் சட்டகத்துக்கு 37.8 கி.நியூ என்று நிறுத்திவிடுவதுதான் பரவலாக நடக்கும் பிழை. சாய்வாக வரும் காற்றுக்கு, காற்று முதலில் படும் விளிம்பில் 1.7 Cf, எதிர் விளிம்பில் 0.44 Cf என நேர்கோட்டில் மாறும் அழுத்தத்தையும் சோதிக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. விளிம்பில் அழுத்தம் 3.57 கி.நியூ/ச.மீ, மறுமுனையில் 0.92.

| சட்டகம் | விளிம்பிலிருந்து (மீ) | விசை (கி.நியூ) |
|---|---|---|
| 1 | 1.5 | 58.3 |
| 2 | 4.5 | 46.4 |
| 3 | 7.5 | 34.5 |
| 4 | 10.5 | 22.6 |

மொத்தம் 161.8 கி.நியூ. கூட்டுத்தொகை 7% மட்டுமே ஏறுகிறது. ஆனால் முனைச் சட்டகத்துக்கு 54% கூடுகிறது. காற்று எந்த முனையிலிருந்தும் வரலாம் என்பதால் நான்கு சட்டகங்களும் 58.3 கி.நியூ-க்கே.

4. காலடி விசைகள்

விசை தளத்துக்கு மேல் 1.8 + 3.0 = 4.8 மீ-இல் செயல்படுகிறது.

```
M = 58.3 × 4.8 = 279.8 kNm
T = 279.8 / 3.0 = 93.3 kN
0.9 DL + 1.5 WL: 1.5 × 93.3 − 0.9 × 1.5 = 138.6 kN
```

சட்டகத்தின் நிலைச்சுமை 6 கி.நியூ, அதில் பின்காலுக்கு 1.5. எடை காப்பாற்றும் என்ற எண்ணத்துக்கு இங்கே இடமில்லை. 138.6 என்பது பலகையின் பின்புறத்தில் காற்று அடித்துப் பின்கால் மேலே இழுக்கப்படும் நிலைக்கு. முகத்தில் காற்று அடித்தால் முன்கால் மேலே இழுக்கப்படும்: 135.9 கி.நியூ. புயலின் மையம் கடக்கும்போது காற்று திசை மாறி எதிர்ப்புறமிருந்து வீசும். 2016 டிசம்பர் 12-இல் வர்தா கடந்தபோது சென்னை பார்த்தது இதுதான். ஆகவே எட்டுக் கால்களுக்கும் 139 கி.நியூ இழுவிசை.

ஒரு காலுக்கு 20 மி.மீ, 4.6 தர நங்கூர போல்ட் 4. போல்ட் ஒன்றுக்கு இழுவிசை 34.7 கி.நியூ (தாங்குதிறன் 68.5), வெட்டுவிசை 10.9 கி.நியூ (தாங்குதிறன் 45.3). இரண்டும் சேர்ந்த விகிதம் 0.31. போல்ட் தாங்கும், கவலை கான்கிரீட்டைப் பற்றியது. 125 மி.மீ தளத்தில் துளையிட்டு விரிவு போல்ட் இறக்கினால் 139 கி.நியூ இழுப்பில் கான்கிரீட் கூம்பாகப் பெயர்ந்து வரும். எனவே தளத்தின் தட்டோட்டின் மேலேயே மேடை கட்டுவதை அனுமதிக்கவில்லை. தூணின் தலையில் தட்டோட்டையும் சுர்க்கியையும் முழுவதும் வெட்டியெடுத்து, தூணுக்குள் 16 மி.மீ கம்பி 8-ஐ ரசாயனப் பசையில் இறக்கி, அதன்மேல் 400 × 400 × 300 மி.மீ எம்25 பீடம். போல்ட்டுகள் பீடக் கம்பிக் கூட்டுக்குள் கொக்கியிட்டு வார்க்கப்பட வேண்டும்.

தூண்: வெளித்தூணுக்கு மேல்தளத்தின் பங்கு 4.5 ச.மீ × 5.0 = 22.5 கி.நியூ, 0.9 மடங்கு 20. மேல்மாடித் தூணில் மிஞ்சும் இழுவிசை 119 கி.நியூ. ஸ்கேன் செய்து உறுதிப்படுத்திய 16 மி.மீ கம்பி 4-இன் தாங்குதிறன் 290 கி.நியூ. சரி.

5. குறுக்குக் குழாய்கள்

80 × 80 × 4 மி.மீ சதுரக் குழாய், 310 தரம், 1.0 மீ இடைவெளி. முனை நீட்டத்தில் 3.57 × 1.5²/2 = 4.0 கி.நியூ.மீ, 1.5 மடங்கு 6.0. தாங்குதிறன் 8.2. ஃபிளெக்ஸ் கிழிந்து சுமை குறையும் என்று எங்கும் கருதவில்லை. பின்னால் தகடு இருக்கும்போது அது கிழிந்தாலும் காற்று படும் பரப்பு அப்படியேதான் இருக்கும்.

6. பணியிட நிபந்தனைகள்

பலகையை 1.5 மீ உயர்த்தி 7.5 மீ ஆக்கினால் விசை 1.25 மடங்கு, நெம்புதூரம் 4.8-இலிருந்து 5.55 மீ, காலடித் திருப்புவிசை சுமார் 45% ஏறும். 'மேலே ஒரு பட்டை மட்டும்' என்று கேட்டாலும் புதுக் கணக்கு இல்லாமல் சேர்க்கக் கூடாது.

அடித்தகட்டைச் சுற்றிச் சிமெண்ட் சாந்து பூசி மூட வேண்டாம். மூடினால் நீர் உள்ளே தேங்கி, போல்ட் கழுத்து வெளியே தெரியாமல் அரிக்கும். தகட்டின் கீழ் சுருங்காச் சாந்து 25 மி.மீ, வெளிப்புறமாகச் சரிவு. ஒவ்வொரு போல்ட்டுக்கும் இரட்டை நட்டு. ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் இறுதிக்குள், வடகிழக்குப் பருவமழைக்கு முன், 32 போல்ட்டுகளின் இறுக்கத்தையும் கால்களின் அடி வெல்டிங்கையும் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். போல்ட் கழுத்து 17 மி.மீ-க்குக் கீழ் தேய்ந்திருந்தால் மாற்றும்வரை ஃபிளெக்ஸையும் தகடுகளையும் கழற்றி வைக்க வேண்டும்.

கட்டடத்தின் மேல்தளத்துக்குக் கூடுதலாக வரும் 162 கி.நியூ கிடைமட்ட விசைக்கான சட்டகச் சோதனை இணைப்பு 2-இல் உள்ளது. இந்தக் குறிப்பு வலிமையைப் பற்றியது மட்டுமே. உள்ளாட்சி அனுமதி தனி.