வீட்டு அட்வான்ஸைத் திருப்பித் தரக் கோரும் கடிதம்

சென்னை
6.3.2026

அனுப்புநர்: ரேவதி, முதல் மாடியில் குடியிருந்தவர்
பெறுநர்: திரு. சுந்தரம், வீட்டு உரிமையாளர், நங்கநல்லூர்

பொருள்: அட்வான்ஸ் ரூ.90,000-ஐத் திருப்பித் தருவது தொடர்பாக

மதிப்பிற்குரிய சார், வணக்கம்.

1.6.2023 முதல் 33 மாதங்கள் தங்கள் வீட்டில் குடியிருந்தோம். காலி செய்வதாக டிசம்பர் 26 அன்றே எழுத்தில் தெரிவித்து, பிப்ரவரி 28 அன்று வீட்டைக் காலி செய்து, மூன்று சாவிகளையும் தங்கள் கையில் கொடுத்தேன். பிப்ரவரி வரை வாடகையும் மெயின்டனன்ஸும் பாக்கியில்லை. அட்வான்ஸ் 90,000 ரூபாயை 27.5.2023 அன்று வங்கி மூலம் அனுப்பியிருந்தேன்.

எங்களால் வந்த செலவைக் கழித்துக்கொள்வதில் எனக்கு மறுப்பில்லை. பால்கனி ஜன்னலில் உடைந்த கண்ணாடிக்கு ரூ.850, சமையலறைக் குழாய்க்கு ரூ.500, சின்ன அறைச் சுவரில் குழந்தை கிரேயானால் கிறுக்கிய இடத்தில் பெயிண்ட் அடிக்க ரூ.2,000. இ.பி. கடைசி ரீடிங்குக்குப் பிறகு ஓடிய 96 யூனிட்டுக்கு ரூ.500 வைத்திருக்கிறேன். அடுத்த பில் வந்ததும் கூடக் குறைய இருந்தால் சரிசெய்துகொள்வோம். ஆக மொத்தம் ரூ.3,850. எனக்கு வர வேண்டியது ரூ.86,150.

பெயிண்டிங்குக்காக ஒரு மாத வாடகை ரூ.16,500 பிடிப்பதாகப் போனில் சொன்னீர்கள். அதை மட்டும் மறுபரிசீலனை செய்யுங்கள் சார். பெயிண்டிங் குடித்தனக்காரர் செலவு என்று நம் ஒப்பந்தத்தில் இல்லை. அப்படி எழுதாதபோது வெள்ளையடிப்பதை வீட்டு உரிமையாளர் பொறுப்பாகவே 2017-ஆம் ஆண்டு தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின் அட்டவணை வைக்கிறது. கிட்டத்தட்ட மூன்று வருடத்தில் சுண்ணாம்பு மங்குவது இயல்பு. ஹாலில் ஆணி அடித்த ஆறு இடங்களையும் பட்டி பூசி அடைத்துவிட்டோம். பாத்ரூம் பக்கத்துச் சுவர் ஊறியிருப்பது மொட்டை மாடியிலிருந்து இறங்கும் தண்ணீரால். சென்ற நவம்பர் மழையில் அதைப் படத்தோடு வாட்ஸ்அப்பில் தங்களுக்கு அனுப்பியிருக்கிறேன்.

அடுத்த குடித்தனம் வந்து அட்வான்ஸ் கொடுத்ததும் தருவதாகவும் சொன்னீர்கள். தங்கள் கைநெருக்கம் புரிகிறது. ஆனால் புது வீட்டுக்கு நான் கைமாற்று வாங்கித்தான் அட்வான்ஸ் கட்டியிருக்கிறேன். வீட்டைக் காலி செய்து ஒரு மாதத்துக்குள் தர வேண்டும் என்பதே சட்டமும் சொல்வது. நம் ஒப்பந்தம் வாடகை அதிகாரியிடம் பதிவானது. ஆகவே மார்ச் 28-க்குள், நான் வாடகை அனுப்பி வந்த என் வங்கிக் கணக்கிலேயே செலுத்துங்கள். முழுத்தொகையும் ஒரே நாளில் முடியாதென்றால் இந்த வாரம் ரூ.50,000, மீதி ரூ.36,150 மார்ச் 28-க்குள் என்று இரண்டு தவணையாகத் தந்தாலும் சம்மதம். எந்தத் தேதி என்பதை மட்டும் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புங்கள்.

வேறு ஏதேனும் சேதம் கண்ணில் பட்டிருந்தால், படமும் வேலைக்கான பில்லும் காட்டுங்கள். ஞாயிறு காலை நேரில் வந்து பார்த்துப் பேசிக்கொள்ளலாம். பணம் வந்ததும் அசல் அட்வான்ஸ் ரசீதைக் கையெழுத்திட்டுத் திருப்பித் தருகிறேன்.

இத்தனை நாள் எங்களை வீட்டு மனுஷர்களாக நடத்தினீர்கள், நன்றி சார். அம்மாவிடமும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ரேவதி

இணைப்பு: ஒப்பந்த நகல், அட்வான்ஸ் அனுப்பிய வங்கிப் பதிவு, காலி செய்த அன்று எடுத்த அறைப் படங்கள், மீட்டர் படம்