பொருள்: தரக்கட்டுப்பாட்டு அலுவலர் வேலை – நன்றியும் என் முடிவும்

வணக்கம் மேடம்,

வெள்ளிக்கிழமை நீங்கள் அனுப்பிய பணி நியமனக் கடிதம் கிடைத்தது. என்னைத் தேர்ந்தெடுத்ததில் ரொம்ப சந்தோஷம், மிக்க நன்றி. ஆனால் இப்போது இந்த வேலையில் சேர முடியாத நிலையில் இருக்கிறேன். பதில் சொல்ல மாதக் கடைசி வரை அவகாசம் கொடுத்திருந்தீர்கள். வேறொருவரைப் பார்க்க உங்களுக்கும் நாள் வேண்டும் என்பதால் இன்றே எழுதுகிறேன்.

நீடாமங்கலம் பக்கம் எங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் இந்தச் சம்பாவுக்கு 40 ஏக்கரில் சி.ஆர். 1009 சப் 1 விதைப்பண்ணை போட்டிருக்கிறது. மேற்பார்வை என் பொறுப்பு. நீண்ட நாள் ரகம். ஆகஸ்ட் கடைசியில் நாற்று விட்டோம், பூ எடுக்கவே டிசம்பர் கடைசி ஆகிவிடும். விதைச்சான்று அலுவலர் வயலைப் பார்க்க வருவதற்கு முன் கலவனைத் தேடித் தேடிப் பிடுங்கியாக வேண்டும். அளவுக்கு மேல் மிஞ்சினால் அந்த வயல் விதைக்குத் தேறாது, சாதா நெல்லாகக் கொள்முதல் நிலையத்துக்குத்தான் போகும். நான் சொன்னதை நம்பித்தான் பலர் இதில் இறங்கினார்கள். அவர்களை அடைமழைக் காலத்தில், அதுவும் நவம்பர் முதல் வாரத்தில், நட்டாற்றில் விட்டுவிட்டுக் கோயம்புத்தூருக்கு ரயில் ஏற மனசு வரவில்லை.

சம்பளத்தைக் கூட்டிக் கேட்பதற்காக இதை எழுதவில்லை. மாதம் 42,000 ரூபாய் எனக்கு நியாயமாகவே பட்டது. அதை முதல் போனிலேயே நீங்கள் சொன்னதும் பிடித்திருந்தது. எத்தனையோ இடங்களில் கடைசி வரை அதைச் சொல்வதில்லை! நேர்காணல் நடுவே இங்கே கரண்ட் போனபோது முகம் சுளிக்காமல் மறுநாளைக்கு மாற்றிக் கொடுத்தீர்கள். முளைப்புத்திறன் ஆய்வகத்தில் இருக்கும் சாரிடம் பேச வைத்ததற்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். ஈரப்பதம் 13 சதவீதத்துக்கு மேல் போன விதை மூட்டைகளை அங்கே எப்படிக் கையாள்கிறார்கள் என்று அவர் விளக்கியது இங்கேயே எனக்கு உதவும். அவரிடமும் என் நன்றியைச் சொல்லுங்கள்.

அறுவடை, விதை சுத்திகரிப்பு எல்லாம் முடிய மார்ச் ஆகிவிடும். அதற்கப்புறம் ஆய்வகத்திலோ, டெல்டா பகுதிக் களப்பணியிலோ இடம் வந்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கள். மறுபடியும் நேர்காணல் வைத்தாலும் சரி, வருகிறேன். நான் அனுப்பிய சான்றிதழ் நகல்கள் உங்கள் கோப்பிலேயே இருக்கட்டும்.

இன்னொன்று. என்னோடு வேளாண்மை படித்த தோழி ஒருத்தி திருச்சியில் விதைப் பரிசோதனை வேலையில் இருக்கிறாள், மாறுகிற யோசனையில் இருக்கிறாள். இந்த இடத்துக்குப் பொருந்துவாள் என்று நினைக்கிறேன். நீங்கள் சரி என்றால் அவளிடம் கேட்டுவிட்டு விவரம் அனுப்புகிறேன்.

இந்த மெயில் கிடைத்ததும் ஒரு வரி பதில் போட்டால் போதும்.

அன்புடன்,
கலைச்செல்வி
நீடாமங்கலம்