திருகோணமலைப் பயணம்: வெள்ளி, சனி, ஞாயிறு – பத்துப் பேருக்குமான திட்டம்

போன வருசம் நுவரெலியாவில நடந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். பத்துப் பேரும் ஒண்டா வெளிக்கிட்டு, ஒண்டாச் சாப்பிட்டு, ஒண்டாக் கோபிச்சுக்கொண்டு வந்தம். இந்தமுறை அப்பிடியில்லை. ஒரு நாளைக்கு ஒருக்கால், இராச்சாப்பாட்டுக்கு மட்டும், பத்துப் பேரும் ஒரு மேசையில இருக்கவேணும். மற்ற நேரத்தில ஆர் எங்க எண்டு கீழ இருக்கு. வாசிச்சுப்போட்டு, மாத்தவேணுமெண்டால் புதன்கிழமைக்கு முதல் எனக்குச் சொல்லுங்கோ. வானுக்குள்ள ஏறினாப் பிறகு வழக்குப் பேசேலாது.

தங்கிறது உப்புவெளியில. டவுணுக்கும் நிலாவெளிக்கும் நடுவில எண்டதால இரண்டு பக்கமும் ஓடலாம். கீழ்த்தட்டில மூண்டு அறை, மேல ஒண்டு. மேல் அறை பிள்ளையள் மூண்டு பேருக்கும். அம்மம்மாவின்ர முழங்கால் படி ஏறாது, பிள்ளையளின்ர சத்தமும் கீழ இறங்கக்கூடாது.

வெள்ளி

விடிய 5 மணிக்கு கொக்குவிலில இருந்து வான் வெளிக்கிடும். முறிகண்டியில பிள்ளையாருக்குத் தேங்காய் உடைச்சு, கச்சான் வாங்கிக்கொண்டு, வவுனியாவில 8 மணிபோல காலமைச் சாப்பாடு. தாத்தாவுக்கு இன்சுலின் போட்ட உடன சாப்பாடு வேணும், அதனால இந்த நேரம் பிந்தக்கூடாது. இடியப்பம் கட்டிக்கொண்டுதான் போறம், கடை திறந்திருக்கோ எண்டு பாத்துக்கொண்டு நிக்கேலாது. அங்கயிருந்து ஹொறவப்பொத்தானை வழியா 11 மணிக்குள்ள உப்புவெளி. அறை 12 மணிக்குத்தான் தருவினமாம். தாத்தா அம்மம்மாவின்ர அறையை மட்டும் முந்தித் தரச்சொல்லிக் கேட்டுச் சம்மதிச்சாச்சு.

மத்தியானம் ஒரு திட்டமுமில்லை. படுக்கிறவை படுக்கலாம், கடலுக்குப் போறவை போகலாம். வெயில் சாகடிக்கும், தொப்பி போடுங்கோ.

பின்னேரம் 4 மணிக்கு எல்லாரும் கோணேசர் கோயில். ஆடிக் கடைசி வெள்ளி எண்டு அம்மம்மா மூண்டு மாதமாச் சொல்லிக்கொண்டிருக்கிறா, அதால இது மாறாது. உச்சி வெயிலில போனால் செருப்பில்லாமல் அந்தக் கல்லில கால் வைக்கேலாது, பின்னேரம்தான் சரி. கோட்டை வாசலில அம்மம்மாவுக்கும் தாத்தாவுக்கும் ஆட்டோ பிடிப்பம், மற்றவை நடக்கிறது. கட்டைக் களிசான் வேண்டாம். ஆம்பிளையள் உள்ள சேட்டைக் கழட்டவேணும். ஆதவன், இது உனக்கு முதலே சொல்லுறன், அங்க போய் வெக்கப்படாதே.

பிள்ளையளுக்கு இது வெறும் கோயில் எண்டு நினைக்கவேண்டாம். சுவாமி மலையின்ர விளிம்பில இராவணன் வெட்டு இருக்கு. கீழ பாத்தால் நேராக் கடல். அத்தான் சரித்திரம் சொல்லுவார். சம்பந்தர் பாடின தலம், போத்துக்கேயர் இடிச்சு அந்தக் கல்லாலயே கோட்டை கட்டினது, பிறகு ஒல்லாந்தர், 1795 இல வெள்ளைக்காரர். அத்தானுக்குப் பத்து நிமிசம் குடுங்கோ, பதினோராவது நிமிசம் நான் இருமுவன். கோட்டைக்குள்ள மான் திரியும். பிளாஸ்டிக் பையோட ஒண்டும் தீத்தக்கூடாது, அதுகள் பையையும் சேத்து விழுங்கிப்போடும்.

பூசை முடிய ஒல்லாந்தர் குடா கடற்கரையில ஒரு மணித்தியாலம். இண்டைக்கு இறால் வடை கிடையாது, கடலைச் சுண்டல்தான். இராச்சாப்பாடும் மரக்கறி. முகத்தைச் சுளிக்கவேண்டாம், நாளைக்கு உங்கட நாள்.

சனி

அங்க போய்ச் சேந்தாப் பிறகு பிள்ளையள் வேளைக்கு எழும்பவேண்டியது இண்டைக்கு மட்டும்தான். புறாத்தீவுக்கு (தாத்தாவுக்கு அது இப்பவும் புறாமலை) காலமை போனால்தான் கடல் அடங்கியிருக்கும், சனமும் குறைவு. 6.15 க்கு வான், நிலாவெளியில அனுமதிச் சீட்டு எடுத்துக்கொண்டு படகு. தம்பி, கவிதா, பிள்ளையள் மூண்டு பேர், நான். தேசியப் பூங்கா எண்டதால சீட்டுக்காசு படகுக்காசோட சேராது, வேற. தீவில கடை கிடையாது, தண்ணியைப் போத்தலில கொண்டுபோய் வெறும் போத்தலைத் திருப்பிக் கொண்டுவரவேணும். கரையெல்லாம் உடைஞ்ச முருகைக்கல், பழைய செருப்பு ஒண்டு கட்டாயம். தண்ணிக்குள்ள முருகைக்கல்லில ஏறி நிக்கக்கூடாது: காலையும் கிழிக்கும், அதுவும் செத்துப்போகும், அது உயிருள்ள சாமான். சின்னச் சுறாக்கள் வரும், செட்டை நுனி கறுப்பா இருக்கும், மனுசரைக் கண்டால் அதுகள்தான் ஓடும். மதுரா, நீ கத்தினால் ஒருத்தரும் சுறாவைப் பாக்கேலாது. மிதக்கிற சட்டை எல்லாருக்கும், நீச்சல் தெரியும் எண்டு கவின் என்ன சொன்னாலும் அவனுக்கும்.

திமிங்கிலம் பாக்கப் போகவேணும் எண்டு கவின் கேட்டவன். யோசிச்சனான். அரைநாள் கடலில போயிடும், பாதிப் பேர் சத்தி எடுப்பினம், திமிங்கிலம் வராமலும் விடலாம். புறாத்தீவில மீன் கட்டாயம் இருக்கும். அதால வேண்டாம் எண்டு முடிவெடுத்திட்டன்.

அந்த நேரம் தாத்தாவின்ர காலமை. வான் எங்களை நிலாவெளியில விட்டிட்டுத் திரும்பி வந்து, 8.30 க்கு தாத்தாவையும் அத்தானையும் ஏத்திக்கொண்டு உட்துறைமுக வீதியால போகும். 1971 இல வேலைக்கு வந்து ஆறு வருசம் இருந்த இடம். துறைமுகத்துக்குள்ள விடாயினம், அது தாத்தாவுக்கும் தெரியும். அவர் கேக்கிறது, அந்த வீதியில எங்கயாவது நிப்பாட்டி ஒரு தேத்தண்ணி குடிக்கவேணும் எண்டுதான். குவாட்டர்ஸ் இருந்த இடத்தில இப்ப என்ன இருக்குதோ தெரியாது, அத்தான் அவசரப்படுத்தவேண்டாம். அம்மம்மா அறையில, அக்கா பக்கத்தில.

11.30 க்கு எல்லாரும் திரும்பி வந்திடுவம். மத்தியானம் கணவாய்க் கறி, மீன் பொரியல்.

2 மணியில இருந்து 4.30 மட்டும் அக்காவை ஒருத்தரும் "அம்மா" எண்டு கூப்பிடக்கூடாது. இந்தப் பயணத்துக்கு அவ கேட்ட ஒரே விசயம் இதுதான். துவாய் எங்க, சார்ஜர் எங்க எண்டதெல்லாம் அத்தானைக் கேளுங்கோ. தெரியாதெண்டால் அவர் தேடட்டும்.

4.30 க்கு மூண்டாப் பிரியிறம். அம்மம்மாவும் கவிதாவும் நானும் டவுணில பத்திரகாளி அம்பாள் கோயில். அத்தானும் தாத்தாவும் உப்புவெளி யுத்த மயானம். 1942 ஏப்ரல் 9 யப்பான்காரன் குண்டு போட்ட கதையைத் தாத்தா தன்ர தகப்பனிட்டக் கேட்டவர், அத்தான் இதுவரைக்கும் முழுசாக் கேக்கேல்லை. பிள்ளையள் தம்பியோட கடற்கரையில, வீடியோ எடுக்கிறதெண்டால் எடுங்கோ, இருட்டினாப் பிறகு தண்ணிக்குள்ள இறங்கக்கூடாது. இரவு 7.30 க்கு கொத்துரொட்டி. இறால் வடையும்.

ஞாயிறு

பிள்ளையள் 9 மணி மட்டும் படுக்கலாம், நான் எழுப்பமாட்டன்.

பெரியாக்கள் 6 மணிக்கு கன்னியா வெந்நீரூற்று. திரும்பிப் போற வழியிலதானே நிப்பாட்டலாம் எண்டு தம்பி கேட்டவன். 11 மணி வெயிலில, சனத்துக்குள்ள, சுடுதண்ணியில ஆர் குளிக்கிறது? விடியவெண்டால் அம்மம்மாவின்ர முழங்காலுக்கும் சுகம். ஏழு கிணறு, ஒவ்வொண்டிலயும் ஒவ்வொரு சூடு; இறங்கிறதில்லை, வாளியால அள்ளி ஊத்திறது. மாத்துச் சீலையும் சாரமும் தனிப் பையில. மதுரா மட்டும் வாறன் எண்டு சொன்னவள், ஏழு கிணத்துச் சூட்டையும் அளந்து எழுதப்போறாளாம். அளக்கிற கருவி கண்ணாடியா இருக்கக்கூடாது.

8.30 க்குத் திரும்பி வந்து சாப்பாடு, பிள்ளையளுக்குக் கடைசிக் கடல் குளிப்பு, 11 மணிக்கு வெளிக்கிடுறது. ஹொறவப்பொத்தானைப் பக்கம் பொழுதுபட யானை றோட்டுக்கு வரும், அதால பிந்தேலாது. மத்தியானச் சாப்பாடு வவுனியாவில, 5 மணிபோல வீடு.

வான், அறை, இரண்டு இராச்சாப்பாடு பொதுக்காசு. படகும் சீட்டும் போறவை குடுக்கவேணும். தாத்தாவின்ர இன்சுலினும் ஐஸ் பெட்டியும் என்னட்ட. முழங்கால் தைலம் அக்காவிட்ட. மிச்சச் சாமான் அவரவர்.

கவின், வியாழன் இரவு உன்ர போனை 11 மணிக்கு நான் வாங்கி வைப்பன். 4.45 க்கு படலையடியில நிக்கவேணும்.